தனியுரிமை அறிவிப்பைச் சட்ட மொழியிலிருந்து எளிய மொழிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பிரைவசி நோட்டீஸ் முழுக்க வக்கீல் பாஷை. ஒவ்வொரு வரியாக எளிமையாக்கிக்கொண்டே போனால் போதாதா?

போதாது. அப்படிப் போனால் பழைய அறிவிப்பில் விட்டுப்போனது எதுவோ அது புதியதிலும் விட்டுப்போகும். இன்னொரு சங்கடம், சட்ட மொழியில் மழுப்பலாக இருந்த வரி எளிய மொழியிலும் மழுப்பலாகவே வந்து நிற்கும். "ஏனைய தொடர்புடைய நோக்கங்களுக்காக" என்பதை "வேறு சில விஷயங்களுக்காக" என்று மாற்றினால் படிக்க லகுவாக இருக்கும், ஆனால் படித்தவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

அதனால் பழைய அறிவிப்பை முதலில் ஓரமாக வையுங்கள். இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்றில், சட்டம் எதையெல்லாம் சொல்லச் சொல்கிறது என்ற பட்டியல். இன்னொன்றில், உங்கள் நிறுவனத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது: எந்தப் படிவத்தில் எதைக் கேட்கிறீர்கள், அது எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிகிறது. இந்த இரண்டாவது தாளை வக்கீலால் எழுத முடியாது. தொழில்நுட்ப ஆளையும் கணக்குப் பிரிவையும் மார்க்கெட்டிங்கையும் உட்கார வைத்துக் கேட்டால்தான் வரும். வேலையில் பாதிக்கு மேல் இதுதான், எழுதுவது அப்புறம்.

சட்டம் கேட்கும் பட்டியல் என்று எதை வைத்துக்கொள்வது?

உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்துமோ அதன் பட்டியல்தான். இங்கே 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரை வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் அதன் பட்டியல் நீளமானது, தெளிவானது. பிரிவு 13தான் மையம். தகவலை அந்த நபரிடமிருந்தே நேராக வாங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

நீங்கள் யார், உங்களை எப்படித் தொடர்புகொள்வது. தரவுப் பாதுகாப்பு அலுவலர் இருந்தால் அவரை எப்படி அடைவது. ஒவ்வொரு தகவலும் எதற்கு, அதற்குச் சட்ட அடிப்படை என்ன. அந்த அடிப்படை 'நியாயமான நலன்' என்றால் அந்த நலன் எது. யாருக்கெல்லாம் போகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே போனால் என்ன பாதுகாப்பு. எவ்வளவு காலம் இருக்கும். அந்த நபருக்கு என்னென்ன உரிமைகள், யாரிடம் புகார் செய்யலாம். தகவல் தர மறுத்தால் என்ன ஆகும். கணினியே ஆளைப் பற்றிப் பெரிய முடிவுகளை எடுக்கிறது என்றால் அது எப்படி எடுக்கிறது, விளைவு என்ன.

தகவல் வேறு யாரிடமிருந்தாவது வந்தால் பிரிவு 14 பொருந்தும். அப்போது எந்த வகைத் தகவல், எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே சட்டத்தின் பிரிவு 12, இதெல்லாம் சுருக்கமாக, புரியும்படி, தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஆக எளிமையும் சட்டம் கேட்பதுதான். "சட்டப்படி சரியாக இருக்க வேண்டுமென்றால் இப்படித்தான் எழுத முடியும்" என்று யாராவது சொன்னால் பிரிவு 12ஐக் காட்டுங்கள்.

ஒரு பத்தியை எடுத்து மாற்றிக் காட்ட முடியுமா?

ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் அறிவிப்பில் இப்படி ஒரு பத்தி:

> தாங்கள் வழங்கும் தனிப்பட்ட தகவல்கள், எமது சேவைகளை வழங்குதல், மேம்படுத்துதல் மற்றும் அவற்றோடு தொடர்புடைய ஏனைய நோக்கங்களுக்காக, பொருந்தக்கூடிய சட்டங்களுக்கு உட்பட்டு, எமது பங்காளர்கள் மற்றும் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம். மேலும் அவை தேவையான காலம் வரை தக்கவைக்கப்படும்.

இதில் எதையும் உடனே மாற்றி எழுத முடியாது, ஏனென்றால் மாற்றி எழுத உள்ளே ஒன்றுமே இல்லை. முதலில் கேள்விகள்தான். எந்தத் தகவல்கள்? விசாரித்தால் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண். மூன்றாம் தரப்பு யார்? கட்டணம் வாங்கித் தரும் நிறுவனம் ஒன்று, வகுப்பு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனம் ஒன்று, அவ்வளவுதான். பங்காளர் என்று யாரும் கிடையாது, வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியபோது கூடவே வந்த சொல். மின்னஞ்சல் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. தேவையான காலம் எவ்வளவு? யாரும் யோசித்ததில்லை. பேசி முடிவு செய்தார்கள்: கணக்கை மூடி 12 மாதம். ரசீதுகள் மட்டும் வரிச் சட்டத்துக்காக 7 ஆண்டு. 'மேம்படுத்துதல்' என்றால்? யார் எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவை 90 நாள் வைத்துக்கொண்டு, ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கிறார்கள். அது மேம்படுத்துதலே இல்லை, முறைகேட்டைக் கண்டுபிடிப்பது.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு எழுதினால்:

> நீங்கள் வகுப்பில் சேரும்போது உங்கள் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் கேட்கிறோம். உங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி வகுப்பை நடத்த இவை வேண்டும். தராவிட்டால் உங்களைச் சேர்க்க முடியாது.
>
> உங்கள் கட்டணத்தை ஒரு பேமென்ட் நிறுவனம் எங்களுக்காக வாங்குகிறது. வகுப்பு நினைவூட்டல்களை ஒரு மின்னஞ்சல் நிறுவனம் எங்களுக்காக அனுப்புகிறது. இந்த இரண்டு நிறுவனங்களைத் தவிர வேறு யாருக்கும் உங்கள் தகவலைத் தருவதில்லை. சட்டப்படி ஒரு அரசு அமைப்பு கேட்டால் மட்டும் தருவோம்.
>
> மின்னஞ்சல் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கிறது. ஐரோப்பாவில் கிடைக்கும் பாதுகாப்பு அங்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஐரோப்பிய ஆணையம் வகுத்த ஒப்பந்த விதிகளில் அவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதன் நகல் வேண்டுமென்றால் எங்களுக்கு எழுதுங்கள்.
>
> நீங்கள் எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து நுழைந்தீர்கள் என்பதை 90 நாள் வைத்திருப்போம். ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துவதைக் கண்டுபிடிக்க அது வேண்டும். இதற்கு உங்கள் சம்மதத்தை நாங்கள் கேட்பதில்லை; முறைகேட்டைத் தடுப்பது எங்களுடைய நியாயமான நலன் என்ற அடிப்படையில் செய்கிறோம்.
>
> மற்ற தகவல்களை நீங்கள் கணக்கை மூடிய 12 மாதத்தில் அழித்துவிடுவோம். ரசீதுகளை மட்டும் வரிச் சட்டம் கேட்பதால் 7 ஆண்டு வைத்திருப்போம்.

பழையதைவிட இது நீளம்தான், அதில் தப்பில்லை. பழைய பத்தியில் நோக்கம் அரைகுறை, சட்ட அடிப்படை கிடையாது, பெறுபவர் யாரென்று தெரியாது, காலமும் கிடையாது. 'சட்டங்களுக்கு உட்பட்டு' என்பது புதியதில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் நீங்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்தான்.

"பயன்படுத்தலாம்", "பகிரப்படலாம்" என்பதையெல்லாம் எடுத்தால் எங்கள் வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது புதிதாகச் செய்தால் அறிவிப்பு பொய்யாகிவிடுமே என்று இடம் விட்டு எழுதுகிறார். ஆனால் இந்த 'லாம்' அவர் நினைக்கும் பாதுகாப்பைத் தருவதில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் கூடி 2018இல் வெளியிட்ட வெளிப்படைத்தன்மை வழிகாட்டுதலில், "புதிய சேவைகளை உருவாக்க உங்கள் தகவலைப் பயன்படுத்தலாம்" என்ற மாதிரி வரிகளைத்தான் செய்யக்கூடாததற்கு உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். 'சில', 'அடிக்கடி' மாதிரிச் சொற்களையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

நடைமுறையில் ஒவ்வொரு 'லாம்' வரும்போதும் அது எந்த வகை என்று பாருங்கள். எப்போதும் செய்கிறீர்கள் என்றால் "செய்கிறோம்". சில சமயம் மட்டும் என்றால் அந்தச் சமயத்தைச் சொல்லுங்கள்: "நீங்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் உங்கள் வங்கி விவரத்தைக் கேட்போம்". இன்னும் செய்யவில்லை, பின்னால் செய்ய யோசனை என்றால் வரியையே எடுத்துவிடுங்கள். புதிய நோக்கம் வரும்போது அதைத் தொடங்கும் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 13 ஏற்கெனவே சொல்கிறது. இன்றைக்கே பொதுவாகச் சொல்லி வைத்ததால் அந்தக் கடமை போய்விடாது. நான்காவது ஒரு வகை இருக்கிறது, அதுதான் அதிகம்: செய்கிறோமா இல்லையா என்று எழுதியவருக்கே தெரியாது. அங்கே மொழியைத் திருத்திப் பயனில்லை, எழுந்து போய் விசாரிக்க வேண்டும்.

எளிமையாக்கும்போது அதிகமாகக் காணாமல் போவது எது?

நட்பான தொனிக்கு ஒத்துவராதவைதான் முதலில் உதிர்கின்றன. வேண்டுமென்று யாரும் எடுப்பதில்லை. பத்தி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், இந்த வரி மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், சரி போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

முதல் பலி, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது. "எப்போது வேண்டுமானாலும் செய்திமடலை நிறுத்தலாம்" என்று எழுதிவிட்டு நிறைவாகிவிடுவார்கள். முந்தைய பயன்பாடு சட்டப்படி செல்லும் என்ற மறுபாதி போய்விடும். "எந்த நேரமும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதுவரை நாங்கள் அனுப்பியவை செல்லாமல் போகாது, அதன்பின் அனுப்ப மாட்டோம்" என்றால் இரண்டும் வந்துவிட்டது.

அடுத்தது உரிமைகளின் பட்டியல். பார்ப்பது, திருத்துவது, அழிப்பது மூன்றும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பயன்பாட்டை நிறுத்தி வைக்கக் கேட்பதும், தகவலை வேறு சேவைக்கு எடுத்துப்போகக் கேட்பதும் விடுபடும், ஏனென்றால் இரண்டையும் விளக்குவது கொஞ்சம் சிரமம். "உங்களைப் பற்றிய ஒரு தகவல் தவறு என்று சொன்னால், நாங்கள் சரிபார்க்கும்வரை அதைப் பயன்படுத்தாமல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்" என்று ஒரு சூழ்நிலையோடு எழுதினால் முதலாவது புரிந்துவிடும். இரண்டாவதற்கு, "நீங்கள் கொடுத்த தகவலை, வேறு நிறுவனத்தின் கணினியும் படிக்கக்கூடிய கோப்பாகக் கேட்டு வாங்கலாம்" என்றால் போதும். இந்த உரிமை சம்மதம் அல்லது ஒப்பந்தத்தின் பேரில் கணினி வழியாகக் கையாளும் தகவலுக்குத்தான் உண்டு. நம் உதாரணத்தில் நுழைவுப் பதிவுகளுக்கு இது கிடையாது, அதையும் சொல்லிவிடுவது நல்லது. எளிமைக்காக எல்லா உரிமையும் எல்லாவற்றுக்கும் உண்டு என்று எழுதினால் அதுவும் தவறான தகவல்தான்.

ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை தனி ரகம். நியாயமான நலன் என்ற அடிப்படையில் நீங்கள் செய்யும் வேலைக்கு ஒருவர் ஆட்சேபிக்கலாம். விளம்பரம் அனுப்புவதற்கு ஆட்சேபித்தால் மறுபேச்சே கிடையாது, நிறுத்தியாக வேண்டும். இதை மற்ற தகவல்களிலிருந்து பிரித்து, கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று பிரிவு 21 கேட்கிறது. உரிமைகளை எல்லாம் அழகாக ஒரே பத்தியில் கோர்த்தால் உள்ளடக்கம் சரியாக இருக்கும், அமைப்பு தவறாகிவிடும். இதற்கு மட்டும் தனித் தலைப்பு போடுங்கள்.

அப்புறம், தகவல் தராவிட்டால் என்ன ஆகும் என்பது. மேலே உதாரணத்தில் "தராவிட்டால் உங்களைச் சேர்க்க முடியாது" என்ற குட்டி வரி அதற்காக வந்ததுதான். வெளிநாட்டுக்கு அனுப்புவதைச் சொல்லும்போது நகல் கேட்டு வாங்கும் வழியும் இப்படித்தான் நழுவும்.

"உங்கள் தகவலை யாருக்கும் தர மாட்டோம்" என்று சிம்பிளாகப் போட்டால் நன்றாக இருக்குமே?

நன்றாக இருக்கும், அநேகமாகப் பொய்யாகவும் இருக்கும். மின்னஞ்சலை வேறு நிறுவனம் அனுப்புகிறது, கோப்புகள் வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன என்றால் அவர்களும் பெறுபவர்கள்தான். "விற்க மாட்டோம்" என்பது வேறு, "தர மாட்டோம்" என்பது வேறு. விற்பதில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், அடுத்த வரியிலேயே யாருக்குத் தருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று, "பெயரில்லாத தகவலாக மாற்றிவிடுவோம்". மின்னஞ்சலை ஏதோ ஒரு குறியீடாக மாற்றிவிட்டு, அந்தக் குறியீட்டை வைத்து அதே ஆளைத் தொடர்ந்து அடையாளம் கண்டுகொண்டிருந்தால் அது இன்னும் தனிப்பட்ட தகவல்தான். "உங்கள் பெயருக்குப் பதில் ஒரு எண்ணை வைக்கிறோம், அந்த எண் யாருடையது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும்" என்று எழுதுவது கவர்ச்சியாக இருக்காது, ஆனால் உண்மையாக இருக்கும்.

மேலே ஒரு சுருக்கம், முழு விவரம் வேறு பக்கங்களில் என்று பிரித்துவிட்டால்?

பிரிக்கலாம். அடுக்கடுக்காகத் தருவதை அந்த 2018 வழிகாட்டுதலே ஏற்கிறது. முதல் அடுக்கில் நீங்கள் யார், எதற்காக வாங்குகிறீர்கள், என்ன உரிமைகள், இது மூன்றும் வேண்டும். கூடவே படிப்பவரை அதிகம் பாதிப்பது அல்லது அவர் எதிர்பார்க்காதது எதுவோ அதுவும். நம் உதாரணத்தில் பெயரும் மின்னஞ்சலும் யாரையும் ஆச்சரியப்படுத்தாது. நுழைவுப் பதிவைப் பார்ப்பது ஆச்சரியப்படுத்தும், அது மேலேதான் வர வேண்டும்.

ஆனால் பிரிப்பதற்கும் எல்லை உண்டு. 2019 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம் போட்டபோது சொன்ன காரணங்களில் ஒன்று, முக்கியமான தகவல்கள் பல ஆவணங்களில் சிதறிக் கிடந்தன, சிலவற்றை அடைய 5, 6 படிகள் தாண்ட வேண்டியிருந்தது என்பது. முழு விவரமும் ஒரே இடத்தில் இருக்கட்டும், சுருக்கம் அதற்கு மேல் உட்காரட்டும்.

"இதைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்" என்ற டிக் பெட்டியை அப்படியே விடலாமா?

எடுத்துவிடுங்கள். அறிவிப்பு என்பது நீங்கள் சொல்வது, அவர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தம் அல்ல. "இத்தளத்தைப் பயன்படுத்துவதன் மூலம் தாங்கள் சம்மதிக்கிறீர்கள்" என்ற வரியும் அப்படித்தான், சும்மா இருப்பதை ஜிடிபிஆர் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையிலேயே சம்மதம் தேவைப்படும் இடத்தில், உதாரணமாகச் செய்திமடலுக்கு, அதற்கென்று தனியாக ஒரு பெட்டி, முன்கூட்டியே டிக் போடாமல்.

எதுவும் விட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு பக்கமிருந்தும் சரிபார்க்க வேண்டும். ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் பிரிவு 13இன் ஒவ்வொரு உட்பிரிவும், வலப்பக்கம் அதைச் சொல்லும் புதிய வாக்கியம், அப்படியே நகலெடுத்து. "உரிமைகள் பகுதியைப் பார்க்க" என்று எழுதினால் ஏமாந்துபோவீர்கள், வாக்கியத்தையே ஒட்டுங்கள். காலியாக இருக்கும் கட்டம் எதுவோ அதுதான் விட்டுப்போனது. உங்களுக்குப் பொருந்தாதது என்றால் ஏன் பொருந்தாது என்று அங்கேயே குறித்து வையுங்கள்.

அப்புறம் எதிர்த்திசையில். பழைய அறிவிப்பின் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே போனது? புதியதில் இன்ன வரியாக மாறியது, அல்லது இன்ன காரணத்தால் நீக்கப்பட்டது. மேலே 'பங்காளர்கள்' போனதற்குக் காரணம், அப்படி யாரும் இல்லை. வக்கீலிடம் புதிய வரைவை மட்டும் கொடுத்தால் அவர் பழையதையே திரும்பக் கொண்டுவருவார், ஏனென்றால் காணாமல் போனது என்னவென்று அவருக்குத் தெரியாது. அட்டவணையோடு கொடுத்தால் எந்தக் கட்டத்தில் ஆட்சேபம் என்று சொல்லியாக வேண்டும். பேச்சு அதன்பின் ஒரு வரியைப் பற்றியதாகிவிடும், நடையைப் பற்றியதாக இருக்காது.

படிப்பவருக்குப் புரிகிறதா என்று சோதிக்க வழி?

"புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் விடையைத் தேடச் சொல்லுங்கள். கணக்கை மூடினால் என் கைபேசி எண் எப்போது அழியும்? நான் நுழைந்த நேரத்தை யார் பார்க்கிறார்கள், ஏன்? அது பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம்? இந்த வேலையில் சம்பந்தமில்லாத சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்து, விடை இருக்கும் வரியை விரலால் காட்டச் சொல்லுங்கள். தவறான வரியைக் காட்டினால் சொல்லில் கோளாறு, வரியைத் தேடித் தேடி அலைந்தால் தலைப்பில் கோளாறு. ரசீது 7 ஆண்டு இருக்கும் என்பதைப் பார்த்துவிட்டு எல்லாமே 7 ஆண்டு இருக்கும் என்று சொன்னார்கள் என்றால், அந்த இரண்டு காலங்களும் ஒரே மூச்சில் வருகின்றன என்று அர்த்தம். தனித்தனியாகப் பிரியுங்கள்.

நாங்கள் ஐரோப்பாவில் இல்லை. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

இடப்பக்கத்துப் பட்டியல் மாறும், வேலை மாறாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தால், சம்மதம் கேட்கும் அறிவிப்பில் எந்தத் தகவல், எதற்காக, உரிமைகளை எப்படிப் பயன்படுத்துவது, தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் எப்படிப் புகார் செய்வது என்பவை வர வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியும் தர வேண்டும், தமிழ் அதில் உண்டு.

மொழி என்பது சின்ன விஷயம் அல்ல. 2021இல் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிக்டாக்குக்கு 7,50,000 யூரோ அபராதம் விதித்தது, டச்சுக் குழந்தைகளுக்கு அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமே காட்டியதற்காக.

சட்டச் சொல்லை அப்படியே விட வேண்டிய இடம் ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். சட்ட அடிப்படையின் பெயரை விடுங்கள். 'நியாயமான நலன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறுமனே "எங்களுக்குத் தேவைப்படுகிறது" என்று எழுதினால், ஆட்சேபிக்கும் உரிமை எதனோடு சேர்ந்தது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும், புகார் செய்யப் போகும்போது அவருக்கு அந்தச் சொல்தான் வேண்டும். மேற்பார்வை அமைப்பின் முழுப் பெயரையும் அப்படியே கொடுங்கள், கூடவே அதன் இணையப் பக்கத்துக்கு இணைப்பு. மற்றபடி சட்டச் சொல் வந்தால் அதே வாக்கியத்தில் விளக்கமும் வரட்டும். கடைசியில் சொற்பொருள் பட்டியல் போட்டால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை.